படம் எடுத்த பக்கத்தில் இருந்த வகையீட்டுச் சமன்பாடு: பிரதியிட்டால் சரி, புத்தக விடையோடு ஒத்துவரவில்லை

வெள்ளவத்தை_நிலா

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பொது நூலகத்தில் ஒரு பழைய கணிதப் புத்தகம் பார்த்தேன். வெளியே கொண்டுபோக முடியாத புத்தகம் என்பதால் பயிற்சிப் பக்கத்தையும் பின்னால் உள்ள விடைப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், கேள்வி இருக்கும் வரியின் கடைசிப் பகுதி புத்தகத்தின் நடு மடிப்புக்குள் வளைந்து போய் நிழலில் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். எனக்குத் தெரிவது இவ்வளவுதான்:

```
dy/dx + 4x = xy▒      x = 0 ஆகும்போது y = 0
```

y இன் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அதை 2 என்று எடுத்துக்கொண்டேன். நிபந்தனை அடுத்த வரியில் இருப்பதால் தெளிவாகத் தெரிகிறது. விடைப் பக்கமும் தெளிவு:

```
y = 2(1 − e^(2x²)) / (1 + e^(2x²))
```

நான் செய்தது: 4x ஐ வலப்பக்கம் கொண்டுபோய் x ஐப் பொதுவாக எடுத்தேன். மாறிகளை வேறாக்கிப் பகுதிப் பின்னம் போட்டுத் தொகையிட்டேன்.

```
dy/dx = x(y² − 4)
dy/(y² − 4) = x dx
(1/4) ln[(y − 2)/(y + 2)] = x²/2 + C
```

x = 0, y = 0 போட்டால் ln(−1) வருகிறது, கல்குலேற்றரில் Math ERROR. அப்புறம்தான் மட்டுக்குறி ஞாபகம் வந்தது. ln|−1| = 0, ஆகவே C = 0. அதன்பிறகு (y − 2)/(y + 2) = e^(2x²) என்று எழுதி y ஐப் பிரித்தெடுத்தேன்:

```
y = 2(1 + e^(2x²)) / (1 − e^(2x²))
```

புத்தக விடையில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறி இருக்கின்றன. புத்தகத்தில்தான் பிழை என்று நினைத்து என் விடையை வகையிட்டு, மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே வருகிறது. இரண்டு தரம் செய்தேன். பிரதியிட்டுச் சரிவந்த ஒரு விடை எப்படிப் பிழையாக இருக்கும்? இல்லாவிட்டால் நான் படத்தைத்தான் பிழையாக வாசித்தேனா?

---

ரயில்_பயணி

தங்கச்சி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வர்க்கம் இல்லை, தாளில் உள்ள கறை. அதே பக்கத்தில் மேலே இரண்டு இடத்திலும் அதே மாதிரிக் கறை இருக்கிறது, பாருங்கள். கேள்வி dy/dx + 4x = xy தான். வேலையும் சுலபம்:

```
dy/(y − 4) = x dx
ln|y − 4| = x²/2 + C
y = 4 − 4e^(x²/2)
```

x = 0 போட்டால் y = 0. வகையிட்டால் dy/dx = −4x e^(x²/2). அதோடு 4x ஐக் கூட்டினால் x(4 − 4e^(x²/2)), அதாவது xy. சமன்பாடும் சரி, நிபந்தனையும் சரி. புத்தகத்தின் பின்னால் இருப்பது வேறு கேள்வியின் விடையாக இருக்கும். பழைய பதிப்புகளில் இலக்கம் ஒன்று தள்ளிப்போவது சாதாரணம்.

---

மட்டக்குளி_அண்ணா

இல்லை, அது வர்க்கம்தான். நிலா வாசித்தது சரி. புத்தக விடையை வைத்தே அதைக் காட்டலாம். அந்த விடையை வகையிட்டு x = 0 போட்டால் dy/dx = 0 வருகிறது. நிலா எழுதிய சமன்பாட்டிலும் x = 0, y = 0 போட்டால் dy/dx = 0. இரண்டும் பொருந்துகின்றன.

பிழை வேறு இடத்தில். மட்டுக்குறியை C கண்டுபிடிக்கும் வரை வைத்திருந்துவிட்டு, அடுத்த வரியில் கழற்றிவிட்டீர்கள். கழற்றும்போது ± போட வேண்டும். புத்தக விடை வர வேண்டுமென்றால் − ஐ எடுக்க வேண்டும். ln க்குள் எண் மறையாக வந்தால் எப்போதும் − தான், அதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

வெள்ளவத்தை_நிலா

அண்ணா, − போட்டால் புத்தக விடை வருகிறது. ஆனால் புத்தக விடை தெரிந்ததால் − எடுத்தேன் என்றால் பரீட்சையில் என்ன செய்வது? + எடுத்த விடையும் சமன்பாட்டில் பொருந்துகிறதே. அதுதான் எனக்குப் புரியாமல் இருக்கிறது.

---

பழைய_ரீச்சர்

பிள்ளை, நல்ல கேள்வி. முதலில் வாசிப்பைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் ரயில்_பயணி தம்பி செய்ததும் முழுக்கச் சரியான கணக்கு. வேறு கேள்விக்கான சரியான கணக்கு. பிரதியிட்டுப் பார்ப்பது நீங்கள் எழுதிய சமன்பாட்டோடு உங்கள் விடையை ஒப்பிடும். நீங்கள் எழுதிய சமன்பாடும் தாளில் அச்சிட்ட சமன்பாடும் ஒன்றா என்று அதற்குத் தெரியாது.

மட்டக்குளித் தம்பி புத்தக விடையை எடுத்துச் சோதித்தது நல்ல யோசனை. ஆனால் சோதித்த இடம் சரியில்லை. வலப்பக்கத்தில் x பெருக்கலாக நிற்கிறது. x = 0 என்றால் அடைப்புக்குள் y² இருந்தாலென்ன, y இருந்தாலென்ன, எல்லாம் பூச்சியம். அந்த இடத்தில் எந்த வாசிப்பும் பொருந்தும். x = 1 இல் பாருங்கள். e² = 7.389. புத்தக விடையிலிருந்து:

```
y     = 2(1 − 7.389)/(8.389)    = −1.523
dy/dx = −16(7.389)/(8.389)²     = −1.680
dy/dx + 4x = −1.680 + 4         =  2.320
```

வலப்பக்கம் xy என்றால் −1.523 வரும், பொருந்தாது. xy² என்றால் (1.523)², அதாவது 2.320. பொருந்துகிறது. y³ ஆக இருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம், அது மறையாகப் போய்விடும். விடைப் பக்கத்தில் இலக்கம் தள்ளிப்போயிருந்தால் இப்படி மூன்று தசமத்துக்கு ஒத்துவர வழியே இல்லை. ஆகவே கறை வர்க்கம்தான்.

இப்போது உங்கள் கேள்வி. A என்று ஒரு மாறிலி வைத்து, எண் எதுவும் போடாமல் பொதுத் தீர்வை எழுதுங்கள். e^(2x²) ஐ E என்று சுருக்குகிறேன், dE/dx = 4xE.

```
(y − 2)/(y + 2) = A·E
y = 2(1 + A·E)/(1 − A·E)

dy/dx    = 16x·A·E/(1 − A·E)²
x(y² − 4) = 4x[(1 + A·E)² − (1 − A·E)²]/(1 − A·E)²
          = 16x·A·E/(1 − A·E)²
```

இரண்டு பக்கமும் ஒன்று. கவனித்தீர்களா, A க்கு நான் எந்தப் பெறுமானமும் கொடுக்கவில்லை. A என்னவாக இருந்தாலும் இது சரிவரும். உங்கள் விடையில் A = 1, புத்தகத்தில் A = −1. சமன்பாட்டில் பிரதியிடும்போது A இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி நிற்பதால், பிழையான A ஐ அந்தச் சோதனையால் பிடிக்கவே முடியாது. நீங்கள் இரண்டு தரம் இல்லை, பத்துத் தரம் செய்திருந்தாலும் சரி என்றே வந்திருக்கும்.

A ஐப் பிடிப்பது நிபந்தனை மட்டும்தான். உங்கள் விடையில் x = 0 போட்டுப் பார்த்தீர்களா? கீழே 1 − 1 = 0. மேலே 4. அந்த விடைக்கு x = 0 இல் பெறுமானமே இல்லை. y(0) = 0 என்று கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

---

வெள்ளவத்தை_நிலா

ரீச்சர், x = 0 போட்டுப் பார்க்கவே இல்லை. C ஐக் கண்டுபிடிக்கும்போதே நிபந்தனையைப் பாவித்துவிட்டேன், திரும்ப எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது A இலேயே போட்டுப் பார்க்கிறேன்: (0 − 2)/(0 + 2) = −1, ஆகவே A = −1. ln ஏ தேவைப்படவில்லை!

---

பழைய_ரீச்சர்

அதுதான் நான் வகுப்பில் செய்விப்பது. மட்டுக்குறியோடு ஒரு தரம் தொகையிட்டு, உடனே இரண்டு பக்கத்தையும் e க்கு உயர்த்தி, ± ஐயும் e^(4C) ஐயும் சேர்த்து A ஆக்கிவிட வேண்டும். அதன் பிறகுதான் எண் போட வேண்டும். A மறையாகவும் இருக்கலாம், அதனால் குறி தானாக வந்துவிடும். ln இருக்கும் வரியில் எண்ணைப் போட்டால் மட்டுக்குறி குறியை விழுங்கிவிடும், பிறகு அதை நீங்கள் தேடிப்பிடிக்க வேண்டும்.

ஆனால் மட்டக்குளித் தம்பி சொன்ன விதியை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கணக்கில் (y − 2)/(y + 2) தொடக்கத்தில் −1, அதனால் −. காரணம் y = 0 என்பது −2 க்கும் 2 க்கும் இடையில் இருப்பது. அந்த இரண்டு கோடுகளையும் தீர்வு தாண்டாது. ஆகவே y எங்கே தொடங்கியதோ அங்கேயே இருக்கும், பின்னத்தின் குறியும் மாறாது. குறியைத் தீர்மானிப்பது தொடக்கப் புள்ளி. பின்னத்தை (2 − y)/(2 + y) என்று எழுதியிருந்தால் ln க்குள் +1 தான் வந்திருக்கும். அதே தீர்வுதான், மறை எங்கேயும் தலைகாட்டியிருக்காது.

---

மட்டக்குளி_அண்ணா

x = 0 இல் சோதித்தது பிழை, ஒப்புக்கொள்கிறேன் ரீச்சர். அடைப்பையே பார்க்காமல் பூச்சியத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். குறி விதியில் மட்டும் இன்னும் முழுக்க உடன்பாடு இல்லை. எங்களுக்குப் படிப்பித்தவர் பரீட்சைக்கு அந்த வடிவத்தையே பாவிக்கச் சொன்னார், அந்த வடிவத்தில் அந்த விதி வேலை செய்கிறது.

---

நுகேகொட_பொறியியல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதே மாதிரி ஒன்றில்தான் நான் மாட்டினேன். வளித்தடையோடு விழும் பொருள். கீழ்நோக்கிய வேகம் v:

```
dv/dt = 10 − v²/40,   v(0) = 20
```

நானும் நிலா மாதிரியே பகுதிப் பின்னம் போட்டு (20 − v)/(20 + v) வரை வந்தேன். v = 20 போட்டால் ln 0. Math ERROR. மட்டுக்குறி போட்டாலும் ln 0 தான். கடைசியில் கேள்வியில் எண் பிழை என்று எழுதிவிட்டு வந்தேன். புள்ளி கிடைக்கவில்லை. இதற்கும் A வைத்துச் செய்தால் வருமா?

---

பழைய_ரீச்சர்

தம்பி, உங்கள் பொருள் தொடங்கும்போதே முடிவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 20² / 40 = 10, நிறையும் தடையும் சமன். ஆகவே dv/dt = 0, v = 20 ஆகவே இருக்கும். அதுதான் முழு விடை. பிரதியிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் பூச்சியம், நிபந்தனையும் சரி.

ஏன் முறை உடைந்தது? மாறிகளை வேறாக்கும்போது 10 − v²/40 ஆல் வகுத்தீர்கள். v = 20 இல் அது பூச்சியம். அந்த வரியிலேயே உங்கள் விடை கைநழுவிப் போய்விட்டது, பிறகு எவ்வளவு தொகையிட்டாலும் திரும்பி வராது. A வைத்திருந்தால் A = 0 என்று வந்து தற்செயலாகக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் வகுக்க முன்பு வகுக்கப்போவது எங்கே பூச்சியமாகிறது என்று ஒரு தரம் பார்ப்பது நல்லது. நிலாவின் கணக்கில் அவை y = 2, y = −2. A = 0 போட்டால் y = 2 வரும். y = −2 எந்த A க்கும் வராது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

---

ரயில்_பயணி

ரீச்சர், x = 1 இல் நீங்கள் காட்டியதைக் கையால் செய்து பார்த்தேன், 2.320 தான் வருகிறது. என் வாசிப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. விடைப் பக்கத்தின் படம் இல்லாமல் இருந்திருந்தால்? அப்போது என் விடையும் நிலாவின் விடையும் இரண்டும் எல்லாச் சோதனையிலும் தேறியிருக்குமே.

---

பழைய_ரீச்சர்

தேறியிருக்கும். கணக்கை வைத்து அந்த இரண்டையும் பிரிக்க வழி இல்லை. பயிற்சியின் தலைப்பில் பகுதிப் பின்னம் என்று இருந்தால் ஒரு ஊகம் கிடைக்கும், அவ்வளவுதான். திரும்பப் போய்ப் படம் எடுக்க வேண்டியதுதான். இந்தப் பிள்ளைகள் புத்தகத்தை மேசையில் விரித்து மேலிருந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக எடுக்கிறார்கள். நடுவில் தாள் வளைந்து நிற்கும் இடம் இருளும், சின்ன எழுத்து முதலில் அங்கேதான் காணாமல் போகும். ஒரு பக்கத்தை மட்டும் கையால் தட்டையாக அழுத்தி, வெளிச்சம் மடிப்புக்கு நேரே விழும்படி புத்தகத்தைத் திருப்பி, அந்த வரியை மட்டும் கிட்டே எடுக்க வேண்டும். எடுத்த உடனேயே பெரிதாக்கிச் சுட்டிகளையும் கழித்தல் குறிகளையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். சந்தேகமென்றால் அங்கேயே கொப்பியில் கையால் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வரிதானே.

---

வெள்ளவத்தை_நிலா

முழுவதையும் திரும்ப எழுதினேன். A = −1 வைத்து x = 0 இல் y = 2(1 − 1)/(1 + 1) = 0. பிறகு சமன்பாட்டில் பிரதியிட்டேன், இரண்டு பக்கமும் −16xE/(1 + E)². இன்னொன்றும் கவனித்தேன்: விடையில் x எங்கும் x² ஆகவே வருகிறது, ஆகவே x க்குப் பதிலாக −x போட்டாலும் அதே y. x பெரிதாகப் பெரிதாக y, −2 ஐ நெருங்குகிறது, தொடுவதில்லை. ரீச்சர் சொன்ன அந்தக் கோடு.

அதே பக்கத்தில் அடுத்த பகுதி, அதே சமன்பாடு, ஆனால் x = 0 ஆகும்போது y = 3. இதில் A = 1/5 வருகிறது:

```
y = 2(5 + e^(2x²)) / (5 − e^(2x²))
```

x = 0 இல் 2 × 6/4 = 3. பிரதியிட்டாலும் சரி. ஆனால் e^(2x²) = 5 ஆகும்போது கீழே பூச்சியம். அது x = 0.897 அளவில். x = 1 போட்டால் y = −10.37 என்று ஒரு எண் வருகிறது, அந்த இடத்திலும் சமன்பாட்டில் பொருந்துகிறது. விடைப் பக்கத்தில் இந்த எல்லையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. x = 1 இல் இதை விடை என்று சொல்லலாமா?

---

பழைய_ரீச்சர்

சொல்ல மாட்டேன். (0, 3) இலிருந்து புறப்பட்ட வளையி x = 0.897 ஐ நெருங்கும்போது மேலே போய்க்கொண்டே இருக்கும், முடிவில்லாமல். −10.37 இருப்பது அந்தப் பிளவுக்கு அப்பால், வேறு ஒரு கிளையில். அங்கே சூத்திரம் சமன்பாட்டைத் திருப்தி செய்கிறது, உண்மை. ஆனால் y(0) = 3 என்ற நிபந்தனைக்கும் அந்தக் கிளைக்கும் தொடர்பு இல்லை. 0.897 க்குப் பிறகு வேறு எந்த A ஐப் போட்டாலும் அங்கேயும் சமன்பாடு பொருந்தும். நான் என்றால் |x| < √((ln 5)/2) என்று விடையோடு சேர்த்து எழுதுவேன்.

---

மட்டக்குளி_அண்ணா

ரீச்சர், புத்தகம் கேட்டது y ஐ x இன் சார்பாக எழுதச் சொல்லித்தான். சூத்திரம் போதும். எல்லை கேட்டால் எழுதலாம். கேட்காத இடத்தில் எழுதி நேரத்தை விட வேண்டாம் நிலா.

---

நுகேகொட_பொறியியல்

எனக்கு ரீச்சர் சொல்வது சரியாகப் படுகிறது. வேகமாக இருந்தால் அந்த −10.37 க்கு என்ன அர்த்தம்? பொருள் மேலே பறக்கிறதா? என் கணக்கில் வேகம் முடிவு வேகத்துக்கு மேலே தொடங்கினால் மெல்லக் குறைந்து 20 க்கு வரும், எங்கேயும் வெடிக்காது. நிலாவின் சமன்பாட்டில் குறி எதிர்ப்பக்கம், அதனால் 2 இலிருந்து விலகி ஓடுகிறது. இப்படி எல்லை உடையும் இடத்தைக் கேள்வியே கேட்காவிட்டாலும் நான் இனி எழுதப்போகிறேன்.

---

வெள்ளவத்தை_நிலா

இரண்டையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லையை இப்போதைக்கு ஒரு வரியில் அடியில் போட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் அந்த வரியை மட்டும் கிட்டே படம் எடுத்து இங்கே போடுகிறேன். அதற்கு மேலே உள்ள 7ஆம் கேள்வியிலும் மடிப்புப் பக்கம் ஒரு குறி சந்தேகமாக இருக்கிறது, கழித்தலா வெறும் கோடா என்று தெரியவில்லை. அதையும் சேர்த்து எடுக்கிறேன்.